மாரத்தான் ஓட்டத்தில் உணவூட்டமும் வயிற்றுப் பயிற்சியும்

மாரத்தான் ஓட்ட உணவூட்டம் என்பது 42.195 கி.மீ. தொலைவை ஓடி முடிக்கும்வரை ஓடுபவர் ஓட்டத்தினூடே சர்க்கரையையும் நீரையும் உப்பையும் உட்கொள்ளும் முறையாகும். ஜெல், மெல்லும் மிட்டாய், சர்க்கரைப் பானம் ஆகிய மூன்றும் இதற்கு மிகுதியாகப் பயன்படுகின்றன. இவற்றை வாங்குவதும் சுமந்து செல்வதும் எளிது. ஓடிக்கொண்டிருக்கும் உடல் அவற்றை ஏற்றுக்கொள்ளச் செய்வதுதான் கடினம். தசைகளைப் போலவே வயிற்றையும் குடலையும் பல வாரங்கள் பழக்க வேண்டியுள்ளது. மதுரையின் தென்பகுதியில் உள்ள அவனியாபுரம் போன்ற வெப்பச் சமவெளி ஊர்களில் பயிற்சி செய்வோருக்கு இப்பழக்கம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. வெப்பம் குடலின் வேலையை மேலும் கடினமாக்குவதே இதற்குக் காரணம்.

உடலில் உள்ள இருப்பு

உண்ட சோற்றிலும் இட்லியிலும் உள்ள மாவுச்சத்து குளுக்கோஸாக மாறி, பின்னர் கிளைக்கோஜன் என்னும் வடிவில் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படுகிறது. நன்கு உண்டு ஓய்வெடுத்த ஒருவரின் தசைகளில் ஏறத்தாழ 300 முதல் 500 கிராமும், கல்லீரலில் 80 முதல் 100 கிராமும் கிளைக்கோஜன் இருக்கும். ஒரு கிராம் கிளைக்கோஜன் ஏறக்குறைய 4 கிலோ கலோரி ஆற்றலைத் தரும்.

சமதளத்தில் ஓடும்போது உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கி.மீ.க்கு ஏறத்தாழ 1 கிலோ கலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மாரத்தானை முடிக்க 60 × 42.2, அதாவது சுமார் 2,530 கிலோ கலோரி வேண்டும். இதில் ஒரு பகுதியைக் கொழுப்பு தருகிறது. ஆனால் வேகம் கூடக்கூட உடல் கொழுப்பை விட்டுச் சர்க்கரையையே அதிகம் நாடும். மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையிலிருந்து வருவதாகக் கொண்டால், அதற்கு 420 கிராம் தேவை. இருப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். இருப்பை முழுவதும் துடைத்தெடுக்கவும் முடியாது. ஓட்டத்தில் பயன்படாத கைத்தசைகளில் உள்ள கிளைக்கோஜன் கால்களுக்கு வந்து சேராது.

ஆகவே 30 முதல் 35 கி.மீ.க்குள் பலருக்கும் கால்கள் கனத்து, வேகம் திடீரெனச் சரிகிறது. கல்லீரலின் இருப்பு குறைந்து இரத்தச் சர்க்கரையும் இறங்கினால் தலை கிறுகிறுக்கும், எண்ணம் தடுமாறும். ஓட்டக்காரர்கள் இதைச் 'சுவரில் மோதுதல்' என்பர். 1924ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களின் இரத்தத்தை ஓட்ட முடிவில் சோதித்த மருத்துவர்கள், தளர்ந்து வந்த பலரிடம் சர்க்கரை மிகவும் குறைந்திருந்ததைக் கண்டனர். அடுத்த ஆண்டு சிலருக்கு முன்கூட்டியே மாவுச்சத்துள்ள உணவும் ஓட்டத்தின் நடுவே மிட்டாயும் கொடுத்துப் பார்த்தனர். அவர்கள் நல்ல நிலையில் ஓடி முடித்தனர். ஓடிக்கொண்டே சர்க்கரை உண்ணும் வழக்கத்திற்கான அறிவியல் அடிப்படை அங்குத் தொடங்கியது.

குடலின் வாசல்

இருப்பு போதாதென்றால் வேண்டிய அளவு சர்க்கரையை விழுங்கிவிடலாமே என்று தோன்றும். அதற்குத் தடையாக இருப்பது சிறுகுடல். குளுக்கோஸ் சிறுகுடல் சுவரைக் கடந்து இரத்தத்தில் சேர, அதை ஏற்றிச் செல்லும் ஒரு புரதம் வேண்டும். அதற்கு SGLT1 என்று பெயர். மணிக்கு ஏறத்தாழ 60 கிராம் குளுக்கோஸ் வந்ததும் இந்தப் புரதங்கள் அனைத்தும் நிரம்பிவிடுகின்றன. அதற்குமேல் விழுங்கும் குளுக்கோஸ் வாசலில் காத்துக் கிடக்கும்.

பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸுக்கு GLUT5 என்னும் வேறொரு வாசல் உண்டு. இரண்டையும் கலந்து கொடுத்தால் இரு வாசல்களும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஆஸ்கர் ஜூகென்ட்ரப் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. தனிக் குளுக்கோஸ் நிமிடத்திற்குச் சுமார் 0.8 கிராம் அளவே எரிந்த நிலையில், கலவை நிமிடத்திற்கு 1.26 கிராம்வரை எரிந்தது. இன்று விற்கப்படும் பல ஜெல்களில் குளுக்கோஸ் தரும் மால்டோடெக்ஸ்டிரினும் ஃபிரக்டோஸும் 2:1 அல்லது 1:0.8 என்ற விகிதத்தில் இருப்பது இதனால்தான்.

இதன் அடிப்படையில், இரண்டரை மணி நேரம்வரை நீளும் ஓட்டத்திற்கு மணிக்கு 30 முதல் 60 கிராமும், அதைவிட நீண்டதற்குக் கலவைச் சர்க்கரையாக 90 கிராம்வரையும் உட்கொள்ளலாம் என்ற வழிகாட்டுதல் பரவலாக உள்ளது. 90 கிராம் என்பது உச்ச வரம்பு. பழக்கப்படாத வயிற்றில் முதல்நாளே அதை முயல்வது வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் முடியும்.

ஓடும்போது இரத்தத்தின் பெரும்பகுதி கால்களுக்குச் செல்வதால் குடலுக்குக் குறைந்த அளவே கிடைக்கிறது. கடும் வேகத்தில் இந்தக் குறைவு மிக அதிகம். வெயிலில் உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் திருப்பப்படுகிறது. எனவே குளிர்நாட்டில் ஒருவரால் ஏற்க முடிகிற அதே அளவு, மதுரையின் புழுக்கத்தில் அவருக்கே ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

ஜெல், மெல்லும் மிட்டாய், பானம்

ஜெல் என்பது சிறு உறையில் அடைத்த கெட்டியான சர்க்கரைக் கூழ். ஓர் உறையில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் சர்க்கரை இருக்கும். சிலவற்றில் காஃபீனும் சேர்க்கப்படும். சுமப்பதற்கு இதுவே எளிது. ஆனால் பெரும்பாலான ஜெல்களுடன் நீர் பருகியே ஆக வேண்டும். வயிற்றிலிருந்து எளிதில் இறங்கும் சர்க்கரை நீரின் அடர்த்தி 6 முதல் 8 விழுக்காடு. 25 கிராம் ஜெல்லை அந்த அடர்த்திக்குக் கொண்டுவர 300 மி.லி.க்கு மேல் நீர் வேண்டும். அதை ஒரே மடக்கில் குடிக்க இயலாது. ஜெல்லுடன் 150 மி.லி.யும், அடுத்த கால் மணி நேரத்தில் மீதியுமாகக் குடித்தால் போதும். நீர் சேர்த்தே தயாரிக்கப்பட்ட நீர்த்த ஜெல்களும் உள்ளன. அவற்றுக்குக் கூடுதல் நீர் குறைவாகவே வேண்டும், ஆனால் எடை அதிகம்.

மெல்லும் மிட்டாய் ஜெல்லி போன்ற சிறு துண்டு. ஒரு துண்டில் 4 முதல் 8 கிராம் சர்க்கரை இருக்கும். சிறிது சிறிதாக உட்கொள்ளலாம் என்பதால் வயிற்றுக்கு இதமானது. மூச்சு வாங்கும் வேகத்தில் மெல்வது கடினம் என்பதும், வாய் வறண்டிருந்தால் தொண்டையில் சிக்கக்கூடும் என்பதும் இதன் குறைகள். வேகத்தைச் சற்றுக் குறைத்து, நன்றாக மென்று, நீருடன் விழுங்குவதே பாதுகாப்பு.

பானம் சர்க்கரையையும் நீரையும் உப்பையும் ஒருசேரத் தருகிறது. வீட்டிலேயே இதைச் செய்துகொள்ளலாம். 1 லிட்டர் நீரில் 60 கிராம் வெள்ளைச் சர்க்கரையும், கால் தேக்கரண்டி உப்பும், சிறிது எலுமிச்சைச் சாறும் கலந்தால் 6 விழுக்காட்டுப் பானம் கிடைக்கும். நாம் பயன்படுத்தும் கரும்புச் சர்க்கரையின் ஒவ்வொரு மூலக்கூறிலும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சம அளவில் இருப்பதால் இரண்டு வாசல்களுக்கும் இது பொருந்துகிறது.

இங்கு இரண்டு தவறுகள் அடிக்கடி நிகழ்கின்றன. ஒன்று, ஜெல்லைச் சர்க்கரைப் பானத்துடன் விழுங்குவது. அப்போது வயிற்றில் அடர்த்தி மிகுந்து, கலவை கீழே இறங்காமல் குலுங்கும். ஜெல்லுக்கு வெறும் நீரே துணை. மற்றொன்று, மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலை எரிபொருளாக எண்ணுவது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வாய்ப்பாட்டின்படி 1 லிட்டர் கரைசலில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் உண்டு. வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் மீட்க அது சிறந்தது. அரை லிட்டர் குடித்தாலும் 7 கிராம் சர்க்கரைகூடக் கிடைக்காது என்பதால் ஓட்டத்திற்கு அது மட்டும் போதாது. இளநீரிலும் இதே போன்ற குறை உண்டு. அதில் பொட்டாசியம் மிகுதி. வியர்வையில் அதிகம் இழக்கப்படும் சோடியம் அதில் குறைவு.

பேரீச்சம்பழமும் வாழைப்பழமும் மெதுவான ஓட்டங்களில் ஜெல்லுக்கு மாற்றாகப் பயன்படுகின்றன. அவற்றிலுள்ள நார்ச்சத்து சிலருக்கு வயிற்றைக் கலக்கும். கடலை மிட்டாயில் உள்ள கொழுப்பும் புரதமும் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். ஓட்டம் முடிந்தபின் அதை உண்பது நல்லது.

ரியோ 2016

இந்திய மாரத்தான் வரலாற்றில் ஓட்டத்தினூடே உணவூட்டம் பற்றிய பேச்சு நாடெங்கும் எழுந்தது 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கிற்குப் பிறகுதான். கேரளத்தைச் சேர்ந்த ஓ. பி. ஜெய்ஷா, 2015 ஆகஸ்டில் பெய்ஜிங் உலகத் தடகளப் போட்டியில் 2 மணி 34 நிமிடம் 43 நொடியில் ஓடித் தேசியச் சாதனை படைத்தவர். ஓராண்டு கழித்து, 2016 ஆகஸ்டு 14 அன்று, ரியோவின் வெயிலில் அவர் 2 மணி 47 நிமிடம் 19 நொடியில் 89ஆவதாக வந்து, எல்லைக்கோட்டருகே மயங்கி விழுந்தார்.

பெரிய மாரத்தான்களில் ஏறத்தாழ 5 கி.மீ.க்கு ஒன்றாகச் சிற்றுண்டி மேசைகள் இருக்கும். போட்டி நடத்துவோர் நீர் வைப்பார்கள். அதனுடன் ஒவ்வொரு நாட்டினரும் தம் வீரர்களுக்கான தனிப் பானங்களைப் பெயரிட்ட பாட்டில்களில் வைக்கலாம். இந்தியாவுக்கான மேசைகளில் தமக்கு எதுவும் இல்லை என்று ஜெய்ஷா பின்னர் கூறினார். இந்தியத் தடகளக் கூட்டமைப்பு இதை மறுத்தது. தனிப் பானம் வேண்டுமா என்று கேட்கப்பட்டதாகவும், வேண்டாம் என்ற பதிலே வந்ததாகவும் அது தெரிவித்தது. விளையாட்டு அமைச்சகம் இதை விசாரிக்கக் குழு அமைத்தது.

யார் சொன்னது சரி என்பது ஒருபுறம் இருக்க, சாதனை நேரத்தைவிடப் பன்னிரண்டரை நிமிடம் கூடியதற்குப் பானம் ஒன்றையே காரணமாகச் சொல்லவும் முடியாது. வெயில், தடம், அன்றைய உடல்நிலை எல்லாமே அதில் சேரும். ஆனால் இரு தரப்பின் கூற்றிலிருந்தும் ஒரு செய்தி புலனாகிறது. எந்த மேசையில் எந்தப் பாட்டில், அதில் என்ன, அதை வைப்பவர் யார் என்பவை போட்டிக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பயிற்சியிலேயே குறிப்பிட்ட இடைவெளியில் குறிப்பிட்ட பானத்தைக் குடித்துப் பழகியவருக்கு இந்தக் கேள்விகள் தாமாகவே எழும்.

வயிறு எவ்வாறு பழகுகிறது

குடல் பழகுவது மூன்று வகையில் நிகழ்கிறது. முதலாவது, நீர் நிறைந்த வயிற்றுடன் ஓடிப் பழகும்போது வயிறு விரிந்துகொடுக்கிறது, வீங்கிய உணர்வும் குறைகிறது. இரண்டாவது, சர்க்கரை அடிக்கடி வந்தால் வயிறு அதை விரைவாகக் கீழே அனுப்பக் கற்கிறது. மூன்றாவது, சர்க்கரை மிகுந்த உணவு தொடர்ந்து வரும்போது குடல் சுவரில் SGLT1 போன்ற ஏற்றிச்செல்லும் புரதங்கள் பெருகுகின்றன. இந்த மூன்றாவது விளைவு விலங்குகளில் நன்கு காட்டப்பட்டுள்ளது.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் ரிக்கார்டோ கோஸ்டா குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு, ஓட்டக்காரர்களிடமே இதைச் சோதித்தது. அவர்கள் 2 மணி நேரம் மிதமாக ஓடியபடி, 20 நிமிடத்திற்கு ஒருமுறை 30 கிராம் வீதம், மணிக்கு 90 கிராம் சர்க்கரை உட்கொண்டனர். பின்னர் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தொலைவு ஓட முடிகிறது என்று அளக்கப்பட்டது. இரண்டு வாரம் இவ்வாறு குடலைப் பழக்கியபின் மீண்டும் சோதித்தபோது, பழகியவர்களுக்கு வயிற்றுத் தொல்லை குறைந்தது. உறிஞ்சப்படாத சர்க்கரையைக் காட்டும் மூச்சு ஹைட்ரஜனும் குறைந்தது. ஓடிய தொலைவு கூடியது. ஆய்வகத்தில் இரண்டு வாரத்தில் மாற்றம் தெரிந்தாலும், வாரத்திற்கு ஓரிரு நீண்ட ஓட்டங்களே ஓடும் சாதாரண ஓட்டக்காரர் எட்டு முதல் பத்து வாரங்கள் ஒதுக்குவது நல்லது.

அவனியாபுரத்தில் ஒரு பயிற்சித் திட்டம்

எடுத்துக்காட்டாக, அவனியாபுரத்தில் வாழும் 60 கிலோ எடையுள்ள ஒருவர் சனவரித் தொடக்கத்தில் நடக்கும் சென்னை மாரத்தானை நாலரை மணி நேரத்தில் முடிக்க விரும்புகிறார் என்று கொள்வோம். அவரது வேகம் கி.மீ.க்கு 6 நிமிடம் 24 நொடி. 5 கி.மீ.க்கு 32 நிமிடம் ஆகும். அக்டோபர் இறுதியில் தொடங்கினால் பத்து வாரங்கள் கிடைக்கும்.

முதல் வேலை வியர்வையை அளப்பது. சிறுநீர் கழித்தபின், மிகக் குறைந்த உடையுடன் எடை பார்க்க வேண்டும். பின்னர் போட்டி வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடி, வியர்வையைத் துடைத்துவிட்டு மீண்டும் எடை பார்க்க வேண்டும். 60.0 கிலோ 59.1 ஆகி, இடையில் 300 மி.லி. குடித்திருந்தால், இழப்பு 900 உடன் 300 சேர்ந்து 1,200 மி.லி. இதை முழுவதும் ஈடுகட்ட வேண்டியதில்லை, வயிறும் அவ்வளவை ஏற்காது. கால் மணி நேரத்திற்கு 150 மி.லி. என மணிக்கு 600 மி.லி. குடிப்பதை இவர் இலக்காகக் கொள்ளலாம். இந்தச் சோதனையை வெயில் நாளிலும் மழைக்காலக் காலையிலும் தனித்தனியே செய்ய வேண்டும். இரண்டின் விடையும் வேறாக இருக்கும்.

அடுத்தது வழித்தடம். விமான நிலையச் சாலையில் பெருங்குடி பக்கம் நேராக ஓடிப்போனால், நீரும் ஜெல்லும் முழுவதையும் சுமக்க வேண்டும். மாறாக, வீட்டு வாசலையோ தெரிந்த தேநீர்க் கடையையோ 5 கி.மீ.க்கு ஒருமுறை கடக்கும் சுற்றுப்பாதையை அமைத்துக்கொண்டால், அந்த இடமே போட்டியின் சிற்றுண்டி மேசையாகிவிடும். அங்குப் பாட்டில்களை வரிசையாக வைத்து, ஓடியபடியே எடுத்துக் குடித்துப் பழகலாம். இடையில் பருக ஒரு சிறு பாட்டில் இடுப்பில் இருந்தால் போதும். விடியற்காலை 4.30 மணிக்குத் தொடங்கினால் மூன்று மணி நேர ஓட்டமும் வெயில் ஏறுமுன் முடியும்.

வாரத்தில் ஒரு நீண்ட ஓட்டத்தில் 25 கிராம் ஜெல்லைக் கீழ்க்காணும் படிகளில் பழகலாம்:

1, 2ஆம் வாரங்கள்: 45 நிமிடத்திற்கு ஒரு ஜெல். மணிக்கு 33 கிராம்.

3, 4, 5ஆம் வாரங்கள்: 40 நிமிடத்திற்கு ஒரு ஜெல். மணிக்கு 38 கிராம் அளவு.

6, 7ஆம் வாரங்கள்: 30 நிமிடத்திற்கு ஒரு ஜெல். மணிக்கு 50 கிராம்.

8, 9ஆம் வாரங்கள்: 30 நிமிடத்திற்கு ஒரு ஜெல், இரு ஜெல்களுக்கு நடுவே 5 கிராம் மெல்லும் மிட்டாய் ஒன்று. மணிக்கு 60 கிராம்.

10ஆம் வாரம்: புதிதாக எதையும் சேர்க்காமல், குறைந்த தொலைவில் ஒத்திகை மட்டும்.

ஒரு படியில் தொல்லை ஏற்பட்டால் அடுத்த படிக்குப் போகாமல் அதையே மறுவாரம் செய்ய வேண்டும். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது முக்கியம். ஜெல்லின் பிராண்டையும் அளவையும் வேகத்தையும் ஒரே நாளில் மாற்றினால், வயிறு கெட்டதற்கு எது காரணம் என்று தெரியாது. மெதுவான ஓட்டத்தில் ஏற்றுக்கொண்ட வயிறு போட்டி வேகத்தில் மறுக்கலாம். எனவே 6ஆம் வாரத்திலிருந்து நீண்ட ஓட்டத்தின் கடைசி 8 அல்லது 10 கி.மீ.யைப் போட்டி வேகத்தில் ஓடி, அப்போதும் ஜெல் எடுத்துப் பார்க்க வேண்டும். ஜெல் செலவு மிகுந்தால், இடைநாள் ஓட்டங்களில் மேலே சொன்ன வீட்டுப் பானத்தால் பழகலாம். போட்டியில் பயன்படுத்தப்போகும் ஜெல்லை மட்டும் நீண்ட ஓட்டங்களுக்கு ஒதுக்கினால் போதும்.

ஒவ்வோர் ஓட்டத்திற்கும் பிறகு ஒரு குறிப்பேட்டில் நான்கு செய்திகளை எழுதுவது பயன் தரும். அவை: எடுத்த நேரமும் அளவும், குடித்த நீர், அன்றைய வெப்பம், வயிற்றின் நிலைக்கு 0 முதல் 10 வரையான மதிப்பெண். பத்து வாரம் கழித்து இந்தக் குறிப்பேடே போட்டித் திட்டமாகும்.

போட்டி நாள்

சென்னை மாரத்தான் விடியுமுன் தொடங்குவதால் காலை உணவை நள்ளிரவு கடந்து உண்ண வேண்டியிருக்கும். தொடங்குவதற்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரத்திற்குமுன் நான்கு இட்லியைச் சர்க்கரை தொட்டு உண்டு, ஒரு வாழைப்பழமும் சாப்பிடலாம். சாம்பாரும் சட்னியும் அன்று வேண்டாம். பருப்பின் நாரும் தேங்காயின் கொழுப்பும் காரமும் குடலில் தங்கும். முந்தைய நாளிலும் கீரை, பயறு, பொரித்தவை ஆகியவற்றைக் குறைப்பது நல்லது. இந்த நள்ளிரவு உணவையும் பயிற்சியில் ஓரிரு முறை ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

முதல் ஜெல் 30ஆவது நிமிடத்தில். பசியோ சோர்வோ அப்போது இருக்காது என்பதால் பலர் அதைத் தள்ளிப்போடுவர். குடலுக்கு இரத்தம் ஓரளவு கிடைக்கும்போதே தொடங்குவதுதான் பயன். பின்னர் 30 நிமிடத்திற்கு ஒன்றாக, 240ஆவது நிமிடம்வரை மொத்தம் 8 ஜெல்கள். கடைசி ஜெல் ஏறத்தாழ 37 கி.மீ. கடந்தபின் வரும். 45ஆவது நிமிடத்திலிருந்து 225ஆவது நிமிடம்வரை ஜெல்களுக்கு நடுவே 7 மெல்லும் மிட்டாய்கள். ஜெல்கள் 200 கிராமும் மிட்டாய்கள் 35 கிராமும் தரும். மொத்தம் 235 கிராம். நாலரை மணி நேரத்துக்குச் சராசரியாக மணிக்கு 52 கிராம். பயிற்சியில் 60 தாங்கிய வயிற்றுக்கு இது எட்டும் தூரத்தில் உள்ளது. உடலில் இருந்த 400 கிராமுடன் இதுவும் சேரும்போது, 'சுவர்' எல்லைக்கோட்டுக்கு அப்பால் தள்ளிப்போகிறது.

போட்டியில் மேசையில் கிடைப்பது நீரா பானமா என்று பார்த்தே எடுக்க வேண்டும். ஜெல் நேரத்தில் நீர், மற்ற நேரத்தில் தேவைப்பட்டால் பானம் என்று முறைப்படுத்திக்கொள்ளலாம். அங்கு வழங்கப்படும் பானத்தின் பெயரை முன்பே அறிந்து பயிற்சியில் குடித்துப் பார்ப்பவருக்கு அன்று வியப்பு எதுவும் இருக்காது.

தவறு நேர்வதை எவ்வாறு அறிவது

மேல்வயிற்றில் நீர் குலுங்கும் உணர்வும் ஏப்பமும் வந்தால், உள்ளே போனது இறங்கவில்லை என்று பொருள். ஜெல்லை நிறுத்தி, பத்து நிமிடம் வேகத்தைக் குறைத்து, நீரைச் சிறு மடக்காகப் பருகினால் பெரும்பாலும் சரியாகும். வேகத்தைக் குறைக்காமல் நீரை மட்டும் ஊற்றினால் குலுக்கல் கூடும்.

அடிவயிற்றில் சுருட்டிப் பிடித்து, உடனே மலம் கழிக்க வேண்டும் போல இருந்தால், உறிஞ்சப்படாத சர்க்கரை குடலில் நீரை இழுக்கிறது எனலாம். சர்க்கரை அளவு மிஞ்சியிருக்கலாம், அல்லது அவருக்கு ஃபிரக்டோஸ் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். பயிற்சியில் இது மீண்டும் மீண்டும் வந்தால் ஃபிரக்டோஸ் குறைந்த ஜெல்லுக்கு மாறிப் பார்க்கலாம். அப்போது மணிக்கு 60 கிராமே உச்சம்.

வயிறு எதையுமே ஏற்காதபோது, சர்க்கரைப் பானத்தை வாயில் சில நொடி வைத்துக் கொப்பளித்துத் துப்புவது ஓரளவு உதவும். நாக்கு சர்க்கரையை உணர்ந்ததும் மூளை சற்று ஊக்கம் பெறுகிறது என ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் இது எரிபொருளைச் சேர்ப்பதில்லை.

அளவுக்கு மீறி நீர் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும் இந்நிலை 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. ஓட்டத்தில் எடை கூடியவர்களிடம் இது மிகுதி. விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, தலைவலி, குமட்டல், குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். இவர்களுக்கு மேலும் நீர் கொடுக்கக் கூடாது, மருத்துவ உதவியை நாட வேண்டும். வியர்வையை அளந்து வைத்தவர், இழந்ததற்கு மேல் குடிக்க மாட்டார் என்பதே அந்த எடைச் சோதனையின் பெரும் பயன்.

ஓடுபவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, உடல் கொதித்தாலோ அதைச் சர்க்கரைக் குறைவு என்று எண்ணி ஜெல் ஊட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வெப்ப வாதத்திற்கும் இவையே அறிகுறிகள். ஓட்டத்தை நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுசென்று, உடலில் நீர் ஊற்றிக் குளிர்வித்தபடி மருத்துவரை அழைக்க வேண்டும்.

எல்லைகள்

ஒன்றரை மணி நேரத்திற்குள் முடியும் ஓட்டத்திற்கு இத்தனை ஏற்பாடு வேண்டியதில்லை. உடலின் இருப்பே போதும். நீரிழிவு நோயாளிகளும் சிறுநீரக நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டபின்னரே ஓட்டத்தில் சர்க்கரையும் உப்பும் எடுக்க வேண்டும். குடலின் பழக்கம் நிலையானதும் அன்று. சில வாரங்கள் ஜெல் இல்லாமல் ஓடினால் வயிறு பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்கும். ஆகவே அடுத்த மாரத்தானுக்குமுன் 45 நிமிடத்திற்கு ஒரு ஜெல் என்ற முதல் படியிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும்.